ஒரே டேப்லெட், நான்கு மின்னஞ்சல்கள்: வீட்டில் ஒவ்வொருவரின் அஞ்சலையும் தனித்தனியே காப்பது எப்படி?

புது தில்லி: குடும்பத்தினர் அனைவரும் ஒரே டேப்லெட்டைப் பயன்படுத்தும் வீடுகளில், அனைவரின் மின்னஞ்சல் கணக்குகளும் ஒரே ஜிமெயில் செயலிக்குள் சேர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. அதில் ஒருவரின் அஞ்சலை மற்றவர் திறக்கக் கடவுச்சொல் தேவையில்லை. திரையின் மேல் மூலையில் உள்ள சிறு படத்தை ஒருமுறை தொட்டாலே போதும். இதைத் தடுப்பதற்கான வசதி ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012-ஆம் ஆண்டில் வெளியான 4.2 பதிப்பு முதலே இருந்து வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் சுயவிவரம், அதாவது புரொஃபைல், உருவாக்குவதே அந்த வசதி. ஆனால் சுயவிவரத்தை உருவாக்கியதும் பணி முடிந்துவிடுவதில்லை. பழைய இடத்தில் எஞ்சியிருக்கும் கணக்கை அகற்றாதவரை, புதிய பூட்டினால் பயன் ஏதும் இல்லை.

செயலியில் சேர்க்கப்படுவதில்லை, சாதனத்தில் சேர்க்கப்படுகிறது

சிக்கலின் வேர் ஒரு தவறான புரிதலில் உள்ளது. ஜிமெயில் செயலியில் 'மற்றொரு கணக்கைச் சேர்' என்பதைத் தேர்ந்தெடுத்து மனைவியின் கூகுள் கணக்கைச் சேர்க்கும் கணவர், அஞ்சல் பார்ப்பதற்காக மட்டுமே அதைச் சேர்ப்பதாகக் கருதுகிறார். உண்மையில் அந்தக் கணக்கு செயலிக்குள் நின்றுவிடுவதில்லை. டேப்லெட்டின் பொதுக் கணக்குப் பட்டியலில் இடம்பெற்றுவிடுகிறது. அதன்பின் அவரது தொடர்பு எண்கள், நாள்காட்டி, கூகுள் டிரைவில் உள்ள கோப்புகள் ஆகியவையும் அதே சாதனத்தில் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கூகுள் போட்டோஸ் செயலியில் கணக்கை மாற்றினால் அவரது படங்களும் தெரியும்.

இதனால் ஏற்படும் விளைவுகளை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். நாக்பூரில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காக வாங்கப்பட்ட டேப்லெட் அது. முதலில் தந்தையின் கூகுள் கணக்கைக் கொண்டு அது இயக்கப்பட்டது. பின்னர் பள்ளி ஆசிரியையான தாயின் கணக்கும், பொறியியல் முடித்து வேலை தேடும் மகளின் கணக்கும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் கணக்கும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. டேப்லெட்டுக்கு ஒரே பின் எண். அது நால்வருக்கும் தெரியும்.

இந்த வீட்டில் எவருக்கும் தீய நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று வகையான இழப்புகள் நேரக்கூடும். முதலாவது, அஞ்சல் காணாமற்போவது. ஜிமெயிலில் ஓர் அஞ்சலைப் பக்கவாட்டில் தள்ளினால், வழக்கமான அமைப்பின்படி அது முகப்புப் பட்டியலில் இருந்து நீங்கிக் காப்பகத்துக்குச் சென்றுவிடும். எல்லாக் கணக்குகளின் அஞ்சல்களையும் ஒரே பட்டியலில் காட்டும் 'All inboxes' பகுதியில் மகன் அறிவிப்புகளை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது, மகளுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பும் அவ்வாறே ஒதுங்கிவிடலாம். அவர் அதைப் பார்க்காமலேயே தேதி கடந்துவிடும்.

இரண்டாவது, தவறான முகவரியிலிருந்து அஞ்சல் செல்வது. பல கணக்குகள் உள்ள செயலியில் புதிய அஞ்சல் எழுதும்போது, அனுப்புநர் முகவரியைக் கவனிக்காவிட்டால், அப்போது திறந்திருக்கும் கணக்கிலிருந்தே அது செல்லும். தாய் தமது பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் மகனின் முகவரியிலிருந்து செல்வது இவ்வாறுதான்.

மூன்றாவது இழப்பே மிகவும் கடுமையானது. மின்னஞ்சல் என்பது கடிதப் பெட்டி மட்டுமன்று. மற்ற கணக்குகளின் சாவியும் அதுவே. பெரும்பாலான இணையச் சேவைகளில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், புதிய கடவுச்சொல் அமைப்பதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கே வருகிறது. வருமான வரித் துறையின் இணையதளம் போன்றவை ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைப்பேசிக்கு மட்டுமின்றிப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் அனுப்புகின்றன. அஞ்சலைத் திறக்க முடிந்தவரால் இவற்றில் பலவற்றையும் திறக்க முடியும். மருத்துவப் பரிசோதனை முடிவு, சம்பள விவரம், வழக்குரைஞருடன் நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆகியவை உள்ள பெட்டி வீட்டில் எவரும் திறக்கும் நிலையில் இருப்பது, அவற்றுக்கு உரியவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்க வேண்டும்.

தனிச் சுயவிவரம் என்ன செய்கிறது?

ஆண்ட்ராய்டில் தனிச் சுயவிவரம் உருவாக்கப்படும்போது, ஒரே வீட்டுக்குள் தனித்தனிக் கதவுகள் கொண்ட அறைகள் அமைவதைப் போன்ற மாற்றம் நிகழ்கிறது. முதலில் சாதனத்தை அமைத்தவர் உரிமையாளர் ஆவார். அவருக்கு இயங்குதளம் 0 என்ற எண்ணை வழங்குகிறது. அடுத்துச் சேர்க்கப்படுபவர்களுக்குப் பொதுவாக 10, 11 என்ற வரிசையில் எண்கள் வழங்கப்படுகின்றன. செயலிகள் சேமிக்கும் தரவு இந்த எண்களின்படி வெவ்வேறு கோப்புறைகளில் வைக்கப்படுகிறது.

நால்வரும் ஜிமெயில் பயன்படுத்தினாலும், செயலியின் நிரல் டேப்லெட்டில் ஒரே ஒருமுறைதான் சேமிக்கப்படும். ஆனால் அதில் உள்ள கணக்கு, அஞ்சல்கள், இணைப்புக் கோப்புகள் ஆகியவை நான்கு தனி இடங்களில் இருக்கும். மகனின் அறையில் இயங்கும் ஜிமெயிலுக்குத் தாயின் அறையில் ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. படங்கள், பதிவிறக்கங்கள், உலாவியின் வரலாறு ஆகியவற்றுக்கும் இதே பிரிவினை பொருந்தும்.

இந்தக் கதவுக்கு உண்மையான பூட்டு 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பில் வந்தது. கோப்புகளைத் தனித்தனியே குறியாக்கம் செய்யும் அந்த முறையில், ஒவ்வொருவரின் தரவையும் திறப்பதற்கான திறவுகோல் அவரவரது பின் எண் அல்லது கடவுச்சொல்லுடன் பிணைக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் சந்தைக்கு வந்த சாதனங்களில் இம்முறை கட்டாயம் ஆகும். இதன் காரணமாக, டேப்லெட்டின் உரிமையாளரே விரும்பினாலும் தாயின் சுயவிவரத்துக்குள் நுழைய இயலாது; தாய் பின் எண்ணை மறந்துவிட்டால் அதை மாற்றித் தரவும் அவரால் இயலாது. அந்தச் சுயவிவரத்தை நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பது ஒன்றே வழி. அஞ்சல்கள் கூகுளின் சேவையகத்தில் இருப்பதால் அவை அழிவதில்லை. டேப்லெட்டில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்த கோப்புகள் திரும்பக் கிடைக்காது.

இதில் அடங்கியுள்ள நிபந்தனையை மறந்துவிடலாகாது. பின் எண் அமைக்கப்படாத சுயவிவரம் பூட்டில்லாத அறையே. பெயரைத் தொட்ட எவரும் உள்ளே சென்றுவிடலாம். சுயவிவரங்களை உருவாக்கிய பின்னும் பழைய நிலையே தொடரும் வீடுகளில், பெரும்பாலும் இந்த ஒரு படி விடுபட்டிருக்கும்.

அமைக்கும் முறை

பணியைத் தொடங்குமுன் எவர் உரிமையாளர் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். உரிமையாளரின் சுயவிவரத்தை, டேப்லெட்டை முழுமையாக அழித்துப் புதிதாகத் தொடங்கினாலன்றி நீக்க முடியாது. மற்றவர்களின் சுயவிவரத்தை நீக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. எனவே டேப்லெட்டைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்பவரே உரிமையாளராக இருப்பது பொருத்தம்.

அமைப்புகளுக்கான 'Settings' செயலியில் 'System' என்ற பகுதிக்குள் 'Users' அல்லது 'Multiple users' என்ற பெயரில் இவ்வசதி இருக்கும். சாம்சங் டேப்லெட்டுகளில் 'Accounts and backup' என்ற பகுதிக்குள் 'Users' என்று காணப்படும். நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறுவதால், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'users' என்று தட்டச்சு செய்வதே எளிது.

அங்கே 'Add user' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில டேப்லெட்டுகளில் 'User', 'Restricted profile' என இரு வாய்ப்புகள் தோன்றும். கட்டுப்படுத்தப்பட்ட சுயவிவரம் எனப்படும் இரண்டாவது வகை 2013-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்புடன் வந்தது. எந்தெந்தச் செயலிகளைக் காட்டலாம் என்று உரிமையாளர் முடிவு செய்யும் ஏற்பாடு அது. சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. சொந்த மின்னஞ்சல் வைத்துக்கொள்ள வேண்டியவருக்கு அது உதவாது. 'User' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படியின்போது டேப்லெட் உரியவரின் கையில் இருக்க வேண்டும். 'Set up now' என்பதைத் தொட்டதும், புதிய சாதனத்தை அமைப்பது போன்ற திரைகள் தோன்றும். தாய் தாமே தமது கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் உள்ளிட்டு, தாமே பின் எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். தந்தை அமைத்துத் தந்து, பின் எண்ணையும் அவரே தாளில் எழுதிக் கொடுத்தால், அது தாயின் அறை ஆகாது. திரைகள் வரும்போது பின் எண் படியைக் கடந்துவிட்டால், பின்னர் அமைப்புகளில் 'Security' பகுதியில் 'Screen lock' என்பதன் வழியே அமைத்துக்கொள்ளலாம். பழைய பொதுப் பின் எண்ணையோ பிறந்த ஆண்டையோ மீண்டும் பயன்படுத்துவதில் பொருளில்லை. விரல்ரேகை வசதி உள்ள டேப்லெட்டுகளில், ஒவ்வொருவரும் தமது சுயவிவரத்துக்குள் சென்று தமது ரேகையைப் பதிவு செய்துகொள்ளலாம்.

பெரும்பாலானோர் மறக்கும் படி

தாய்க்குப் புதிய அறை அமைந்துவிட்டது. ஆனால் அவரது பெட்டி இன்னும் தந்தையின் அறையிலும் இருக்கிறது. புதிய சுயவிவரத்தில் கணக்கைச் சேர்த்தால், பழைய இடத்தில் இருந்து அது தானாக நீங்குவதில்லை.

எனவே உரிமையாளரின் சுயவிவரத்துக்குத் திரும்பி, அமைப்புகளில் 'Passwords & accounts' என்ற பகுதியைத் திறக்க வேண்டும். சாம்சங் சாதனங்களில் இது 'Accounts and backup' பகுதியில் 'Manage accounts' என்ற பெயரில் இருக்கும். அங்கு தாயின் கணக்கைத் தேர்ந்தெடுத்து 'Remove account' என்பதைத் தொட வேண்டும். 'இந்தக் கணக்கின் செய்திகள், தொடர்புகள் ஆகியவை சாதனத்தில் இருந்து நீக்கப்படும்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை தோன்றும். நீக்கப்படுவது டேப்லெட்டில் உள்ள நகல் மட்டுமே. கணக்கும் அதிலுள்ள அஞ்சல்களும் அழியமாட்டா. மகள், மகன் ஆகியோரின் கணக்குகளையும் இவ்வாறே நீக்க வேண்டும். யாஹூ, அவுட்லுக் போன்ற செயலிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள், அந்தச் செயலிகளுக்குள் சென்று தனியே வெளியேற வேண்டும்.

இத்துடன் இரு மறைவிடங்களையும் சோதிப்பது அவசியம். ஒன்று, குரோம் உலாவி. தாய் எப்போதேனும் தந்தையின் சுயவிவரத்தில் இருந்தவாறே உலாவி வழியாக யாஹூ போன்ற அஞ்சலைத் திறந்திருந்தால், அந்த உள்நுழைவு இன்னும் நிலைத்திருக்கக்கூடும். அந்தத் தளத்துக்குச் சென்று வெளியேறுவதே தீர்வு.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. உலாவியில் உள்நுழையும்போது 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தால், அந்தக் கடவுச்சொல் அப்போது உலாவியில் இணைந்திருந்த கூகுள் கணக்கில், அதாவது தந்தையின் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அவ்வாறு சேமிக்கப்பட்டது டேப்லெட்டோடு நிற்பதில்லை. தந்தையின் கைப்பேசியிலும் அலுவலகக் கணினியின் உலாவியிலும் கூடத் தோன்றும். `passwords.google.com` என்ற முகவரியில் தந்தையின் கணக்கைத் திறந்து பார்த்தால் பட்டியல் தெரியும். அதில் பிறரின் கடவுச்சொல் இருந்தால் அதை நீக்கிவிட்டு, உரியவர் தமது கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். நீக்குவதால் மட்டும், ஏற்கெனவே பார்த்தவரின் நினைவில் இருந்து அது அகலாது.

சரியாக அமைந்ததா என்று அறிவது

எல்லாம் முடிந்தபின் ஒரு சிறு சோதனை போதும். உரிமையாளரின் சுயவிவரத்தில் ஜிமெயிலைத் திறந்து மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட வேண்டும். அங்கு ஒரே ஒரு கணக்குதான் தெரிய வேண்டும். இரண்டாவது பெயர் தெரிந்தால் நீக்கும் படி முழுமையடையவில்லை என்று பொருள். கூகுள் போட்டோஸ், நாள்காட்டி ஆகியவற்றிலும் இதே சோதனையைச் செய்யலாம். பின்னர் டேப்லெட்டைப் பூட்டி, மேலிருந்து விரலால் இழுத்து, பயனர் படத்தின் வழியே ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் மாறிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கப்பட வேண்டும். கேட்காமல் திறக்கும் அறை பூட்டப்படாதது.

பூட்டுத்திரை அறிவிப்புகளும் கவனத்துக்கு உரியவை. மகள் தமது சுயவிவரத்தில் இருந்தவாறே டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சென்றால், பூட்டுத்திரையில் தோன்றுவது அவருக்கு வரும் அஞ்சலின் தலைப்பும் முதல் வரியும்தான். ஒவ்வொருவரும் தமது சுயவிவரத்தின் அறிவிப்பு அமைப்புகளில், பூட்டியிருக்கும்போது உள்ளடக்கத்தை மறைக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது ஒருவர் அமைத்தால் அனைவருக்கும் பொருந்தும் அமைப்பு அன்று. ஒவ்வொரு சுயவிவரத்திலும் தனித்தனியே செய்யப்பட வேண்டியது.

விருந்தினர் எவரேனும் அஞ்சல் பார்க்கக் கேட்டால், பயனர் பட்டியலில் உள்ள 'Guest' என்ற வாய்ப்பு உதவும். அவர் பார்த்து முடித்ததும் விருந்தினர் பகுதியை விட்டு வெளியேறி, அதன் செயல்பாடுகளை அழிக்குமாறு தேர்ந்தெடுத்தால், அவரது கணக்கின் தடயம் டேப்லெட்டில் தங்காது.

புதிய ஏற்பாட்டின் சிரமங்கள்

இம்முறைக்கு மாறும் குடும்பங்கள் சில சிரமங்களை எதிர்பார்க்க வேண்டும். டேப்லெட்டை அணைத்து மீண்டும் இயக்கியபின், ஒவ்வொரு சுயவிவரமும் தனக்குரிய பின் எண் ஒருமுறை உள்ளிடப்படும் வரை பூட்டியே இருக்கும். அதுவரை அதில் புதிய அஞ்சல்கள் வந்து சேரமாட்டா. வேறொருவரின் சுயவிவரம் திரையில் இருக்கும்போது, பின்னணியில் உள்ளவரின் அஞ்சல் உடனுக்குடன் கண்ணில் படும் என்று எதிர்பார்க்கவும் இயலாது. நேர்முகத் தேர்வு அழைப்புக்காகக் காத்திருக்கும் மகள், அவசர அஞ்சல்களுக்கு டேப்லெட்டை மட்டும் நம்பியிருக்கலாகாது.

சிம் அட்டை பொருத்தப்பட்ட டேப்லெட்டுகளில், அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வழக்கமாக உரிமையாளரின் சுயவிவரத்துக்கே செல்லும். பிறருக்கு அந்த அனுமதியை உரிமையாளர் வழங்கினால், அழைப்பு விவரங்களும் குறுஞ்செய்திகளும் அவர்களுடன் பகிரப்படும். ஒருமுறைக் கடவுச்சொற்கள் அந்த எண்ணுக்கு வருவதானால், அனுமதி வழங்குமுன் இருமுறை யோசிப்பது நல்லது.

சேமிப்பிடமும் ஒரு வரம்பு. செயலியின் நிரல் ஒருமுறைதான் சேமிக்கப்படும் என்றாலும், அஞ்சல் இணைப்புகள், படங்கள், விளையாட்டுகள் இறக்கிக்கொள்ளும் கூடுதல் தரவு ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இடம் பிடிக்கும். மகனின் அறை நிரம்பினால் தாயின் அறையிலும் இடம் இருக்காது. அறைகள் நான்கு என்றாலும் நிலம் ஒன்றே. வைஃபை இணைப்பும் அனைவருக்கும் பொதுவானது. செயலிகளின் புதுப்பிப்பை ஒருவர் மேற்கொண்டால் அது மற்றவர்களுக்கும் பொருந்தும்.

சுயவிவரத்தால் காக்க முடியாதவை

டேப்லெட்டின் கதவுகளை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், மின்னஞ்சல் கணக்குக்கு வெளிப்புறமாக வேறு ஒரு வாசல் இருக்கக்கூடும். இந்தியக் குடும்பங்களில் பலரின் கணக்குகள் தந்தையின் அல்லது கணவரின் கைப்பேசி எண்ணைக் கொண்டே தொடங்கப்படுகின்றன. கணக்கை மீட்பதற்கான எண்ணாகவும் அதுவே பதிவாகியிருக்கும். அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர், கடவுச்சொல் தெரியாமலேயே கணக்கை மீட்க முயல வழியுண்டு. மீட்பு மின்னஞ்சல் முகவரியும் அவ்வாறே. எனவே ஒவ்வொருவரும் `myaccount.google.com` என்ற முகவரியில் தமது கணக்கின் 'Security' பகுதியைத் திறந்து, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் தம்முடையவையா என்று பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் 'Your devices' என்ற பட்டியலும் உண்டு. தமது கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்பதை அது காட்டும். தெரியாத சாதனத்தில் இருந்து தொலைவில் இருந்தபடியே வெளியேறவும் முடியும். டேப்லெட் தொலைந்துபோனாலும் செய்ய வேண்டியது இதுவே.

உரிமையாளரின் அதிகாரமும் நினைவில் இருக்க வேண்டிய ஒன்று. அவரால் பிறரின் அஞ்சலைப் படிக்க இயலாது என்றாலும், சுயவிவரம் ஒன்று இருப்பதை அறியவும், அதை முன்னறிவிப்பின்றி நீக்கவும் இயலும். பின் எண்ணைச் சொல்லுமாறு வற்புறுத்துபவரிடமிருந்தும், தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரிடமிருந்தும் எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது. வீட்டுக்குள்ளேயே கண்காணிப்புக்கு அஞ்சும் நிலையில் உள்ள ஒருவர், வழக்குரைஞருக்கோ உதவி அமைப்புக்கோ எழுதும் அஞ்சல்களைப் பொது டேப்லெட்டில் எந்தச் சுயவிவரத்திலும் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நம்பகமான ஒருவரின் சாதனத்தில், புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பயன்படுத்துவது அவருக்கு ஏற்றது.

இவ்வசதி இல்லாத டேப்லெட்டுகளில்

எல்லா டேப்லெட்டுகளிலும் இவ்வசதி கிடைப்பதில்லை. ஆண்ட்ராய்டில் இது அடங்கியிருந்தாலும், அதைக் காட்டுவதா மறைப்பதா என்பதை உற்பத்தி நிறுவனமே முடிவு செய்கிறது. நினைவகம் குறைந்த மலிவு விலை டேப்லெட்டுகள் சிலவற்றில் இது நீக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் தேடியும் 'Users' என்ற பகுதி தோன்றாவிட்டால், அந்தச் சாதனத்தில் வசதி இல்லை என்று கொள்ளலாம். புதிய டேப்லெட் வாங்குவோர் கடையிலேயே இந்தத் தேடலைச் செய்து பார்க்கலாம்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடில் குடும்பத்தினருக்கான தனிச் சுயவிவரங்கள் இல்லை. 2016-ஆம் ஆண்டில் அறிமுகமான 'Shared iPad' என்ற வசதி பள்ளிகள், நிறுவனங்கள் போன்றவை நிர்வகிக்கும் சாதனங்களுக்கு மட்டுமே உரியது. 2024-ஆம் ஆண்டின் ஐபேட்ஓஎஸ் 18 பதிப்பில் தனிச் செயலிகளைப் பூட்டும் வசதி வந்தது. ஆனால் அந்தப் பூட்டு ஐபேடின் கடவு எண்ணாலும் திறக்கும். வீட்டில் அனைவருக்கும் அந்த எண் தெரிந்திருந்தால், பூட்டு தடையாக இருக்காது.

இத்தகைய சாதனங்களில் எஞ்சியிருக்கும் வழி, கணக்கைச் சாதனத்தில் சேர்க்காமல் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் அஞ்சலைத் திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறிச் சாளரத்தை மூடுவதாகும். குரோம் உலாவியில் 'New Incognito tab' என்பதும், சஃபாரியில் 'Private' என்பதும் இதற்கானவை. கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் உள்ளிட வேண்டியிருக்கும். அதுவே இம்முறையின் பாதுகாப்பும் ஆகும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மறைநிலைச் சாளரம் வரலாற்றையும் உள்நுழைவையும் மறந்துவிடுமே தவிர, பதிவிறக்கிய கோப்புகளை மறப்பதில்லை. சம்பளச் சீட்டையோ மருத்துவ அறிக்கையையோ பதிவிறக்கிப் பார்த்திருந்தால், அது டேப்லெட்டின் 'Downloads' கோப்புறையில் அடுத்தவர் கண்ணில் படும் வகையில் இருந்துகொண்டே இருக்கும். சாளரத்தை மூடுவதுடன் நில்லாமல், அந்தக் கோப்புறையைத் திறந்து கோப்பை நீக்கிய பிறகே டேப்லெட்டை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.